கரண்ட் போனால் குழாய் ஏன் ‘டம்’ என்று அடிக்கிறது? சாஃப்ட் ஸ்டாப்பும் என்ஆர்வியும் எவ்வளவு காப்பாற்றும்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் மேட்டுத் தோட்டம். கிணற்றில் 10 எச்.பி. மோனோபிளாக். தொட்டிக்கு 110 எம்.எம். பி.வி.சி., 6 கிலோ பைப், மொத்தம் 600 மீட்டர். முதல் 350 மீட்டரிலேயே கரடு ஏறிவிடும், அப்புறம் 250 மீட்டர் ஏறக்குறைய சமமாக ஓடித் தொட்டிக்குப் போகும். மொத்த உயரம் 45 மீட்டர். மோட்டார் நிற்கும்போதெல்லாம் டம் என்று ஓர் அடி. இந்த வருஷம் இரண்டு முறை பைப் விட்டுவிட்டது, ஒரு முறை மோட்டார் பக்கத்தில், ஒரு முறை மேட்டு முனையில். சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். ஃபுட் வால்வு இருக்கும்போது தனியாக என்ஆர்வி எதற்கு? எதைப் போடுவது?

பதில்:

நீங்கள் பட்டனை அழுத்தி நிறுத்தும்போது வரும் அடியைச் சாஃப்ட் ஸ்டாப் அடக்கும், அதுவும் சரியாக அமைத்தால். கரண்ட் போய் மோட்டார் நிற்கும்போது வரும் அடிக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டாரை மெதுவாக இறக்கவும் அதற்கு மின்சாரம் வேண்டும், அந்த நேரத்தில் மின்சாரம்தான் இல்லை. ஆகவே உங்களுக்கு இரண்டு விதமான நிறுத்தத்துக்கும் தனித்தனியாக ஏற்பாடு வேண்டும். மோட்டாரை ஒட்டி, மேலே போன தண்ணீரைத் திரும்ப விடாத நல்ல என்ஆர்வி ஒன்று கட்டாயம். மேட்டு முனையில் வேறு ஒரு வேலையும் இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அது ஏன் என்று புரிய, மோட்டார் நின்ற முதல் சில விநாடிகளில் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் மோட்டார் இந்த உயரத்துக்கு விநாடிக்குச் சுமார் 8 லிட்டர் தள்ளும். 110 எம்.எம். பைப்பில் அது விநாடிக்கு 1 மீட்டர் வேகம், மனிதன் நடக்கிற வேகம்தான். ஆனால் 600 மீட்டர் குழாயில் இருக்கும் தண்ணீர் 4.8 டன். சுமை ஏற்றிய மினி லாரி ஒன்று நடைவேகத்தில் மேடேறிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து தள்ளும் கை திடீரென்று எடுபட்டுவிடுகிறது. வண்டி கொஞ்ச தூரம் தன் வேகத்திலேயே போகும், நிற்கும், பிறகு பின்னோக்கி உருளும். குழாய்க்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒரு வித்தியாசம், தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. மோட்டார் பக்கம் இருக்கும் தண்ணீர் முதலில் வேகம் இழக்கும். அந்தச் செய்தி ஓர் அழுத்த அலையாகக் குழாய் வழியே தொட்டி வரை போக நேரம் பிடிக்கும்.

அந்த அலையின் வேகம் குழாயைப் பொறுத்தது. விறைப்பான ஜி.ஐ. பைப்பில் விநாடிக்கு 1300 மீட்டர் வரை வரும். பி.வி.சி. கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் 300 முதல் 450. உங்கள் 6 கிலோ பைப்புக்குச் சுவர் மெல்லியது, 350 என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரின் வேகம் திடீரென்று மாறினால் அழுத்தம் எவ்வளவு மாறும் என்பதை ஷுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898ல் வெளியிட்டார். இன்றும் அதே சூத்திரம்தான்:

ΔH = a × ΔV ÷ g

ΔH என்பது மீட்டர் கணக்கில் அழுத்தத்தில் வந்த மாற்றம், a என்பது அலை வேகம், ΔV என்பது தண்ணீரின் வேகத்தில் வந்த மாற்றம், g 9.81. உங்கள் குழாய்க்கு 350 × 1 ÷ 9.81, அதாவது சுமார் 36 மீட்டர் தண்ணீர் உயரத்தின் அழுத்தம், கேஜ் கணக்கில் 3.6 கிலோ. இதே வேகத்தில் ஜி.ஐ. பைப் என்றால் 130 மீட்டரைத் தாண்டும். இரும்புக் குழாயில் அடி ஏன் அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சூத்திரத்தில் ‘திடீரென்று’ என்ற சொல்தான் முக்கியம். எது திடீர்? அலை தொட்டி வரை போய்த் திரும்பி வர எடுக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகிற எதுவும் திடீர்தான். உங்களுக்கு 2 × 600 ÷ 350, அதாவது 3.4 விநாடி. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இனிச் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல். 10 எச்.பி. மோனோபிளாக்கில் ரோட்டரும் இம்பெல்லரும் சேர்ந்தே எடை குறைவு. கரண்ட் போனால் ஏறக்குறைய அரை விநாடியில் வேகம் பாதியாகிவிடும். பாதி வேகத்தில் பம்பின் தள்ளும் உயரம் கால்வாசி ஆகிவிடும், 45 மீட்டருக்குத் தண்ணீரைத் தூக்க அது எங்கே போதும்? ஆகவே 3.4 விநாடிக்கு முன்பே தள்ளுவது நின்றுவிட்டது, முழு அடியும் விழும்.

இப்போது வரிசையாகப் பாருங்கள். எளிமைக்காக உறிஞ்சும் பக்கத்தை விட்டுவிடுகிறேன், குழாய் வழியில் எங்கும் தண்ணீர் அறுந்துபோகவில்லை என்றும் வைத்துக்கொள்கிறேன். ஓடும்போது மோட்டார் பக்கம் அழுத்தம் 51 மீட்டர், 45 மீட்டர் உயரமும் 6 மீட்டர் உராய்வும். மோட்டார் நின்றதும் முதலில் அழுத்தம் ஏறாது, இறங்கும். பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. 51லிருந்து 36 குறைந்து 15 மீட்டருக்கு வரும். அந்த இறக்கம் அலையாக மேலே போகிறது, போகும் வழியெல்லாம் தண்ணீரை நிறுத்திக்கொண்டே போகிறது. தொட்டியை அடைந்ததும் அங்கே தண்ணீர் கீழ்நோக்கி ஓடத் தொடங்கும், ஏனென்றால் குழாய்க்குள் அழுத்தம் தொட்டியைவிடக் குறைவு. அந்தப் பின்னோட்டம் 3.4 விநாடியில் மோட்டாரிடம் வந்து சேரும்போது என்ஆர்வி மூடியிருந்தால், வந்த வேகத்தில் அதன் மேல் மோதும். அப்போதுதான் அழுத்தம் 45க்கு மேல் 36 ஏறி 81 மீட்டர் ஆகும். நீங்கள் கேட்கிற ‘டம்’ இதுதான். ஓடும்போது கேஜில் 5 கிலோ காட்டுகிறது, அதனால் 6 கிலோ பைப் போதும் என்று வாங்கியிருப்பீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது 8 கிலோவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் உடையாது, ஆனால் பி.வி.சி.யும் சொல்யூஷன் ஒட்டிய சாக்கெட்டும் திரும்பத் திரும்ப அடி வாங்கிச் சோர்ந்து ஒரு நாள் விட்டுவிடும். மோட்டார் பக்கம் உடைந்ததற்குக் காரணம் இது.

மேட்டு முனையில் உடைந்தது வேறு கதை. அந்த முனை கிணற்றிலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓடும்போதே அங்கே குழாய்க்குள் அழுத்தம் 7, 8 மீட்டர்தான். கீழிருந்து 36 மீட்டர் இறக்கம் வந்து சேர்ந்தால்? கணக்குப்படி -28 மீட்டர் ஆக வேண்டும். ஆனால் வளிமண்டல அழுத்தத்தைவிட 10 மீட்டர் கீழே போனால் தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அதற்குக் கீழே இறங்க வழியில்லை. ஆகவே அந்த முனையில் தண்ணீர்த் தூண் இரண்டாக அறுகிறது. தொட்டிப் பக்கத்து 250 மீட்டர் தண்ணீர் தன் வேகத்தில் முன்னே போகிறது, கீழ்ப்பக்கத்துத் தண்ணீர் நின்றுவிடுகிறது, நடுவில் சில லிட்டர் அளவுக்கு ஆவி நிறைந்த வெற்றிடம். ஒன்றிரண்டு விநாடியில் மேல்பக்கத்துத் தண்ணீர் திரும்பி வந்து கீழ்ப்பக்கத்துத் தண்ணீரோடு மோதுகிறது. நடுவில் காற்று இல்லை, ஆவி நொடியில் மறைந்துவிடும், மெத்தை போல எதுவும் கிடையாது. இரும்பு மேல் இரும்பு விழுகிற மாதிரி அடி. இப்படி அறுந்து சேர்வதில் வரும் உச்ச அழுத்தம் மேலே சொன்ன 81 மீட்டரையும் மீறலாம். உங்கள் பைப் மேட்டு முனையில் விட்டதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏறி முடித்துச் சமமாகத் திரும்பும் முனை எந்தக் குழாயில் இருந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

சரி, சாஃப்ட் ஸ்டாப்புக்கு வருவோம். மெதுவாக நிறுத்தினால் அடி குறையும் என்பது சரி. எவ்வளவு மெதுவாக என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பேனலில் ‘ஸ்டாப் டைம் 10 விநாடி’ என்று வைத்துவிட்டு, 3.4ஐவிட 10 பெரிதுதானே என்று திருப்தியடைகிறோம். ஆனால் அந்தப் பத்து விநாடி முழுவதும் தண்ணீர் குறைந்துகொண்டே போவதில்லை. உங்கள் பம்பின் கேட் வால்வை முழுக்க மூடினால் அது காட்டும் உயரம் 65 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறைந்தால் இந்த உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறையும். அது 45 மீட்டருக்கு இறங்கும் இடத்தில் தண்ணீர் மேலே போவது அடியோடு நின்றுவிடும். 45ஐ 65ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.83. அதாவது மோட்டார் 83 சதவீத வேகத்துக்கு வந்ததுமே ஓட்டம் பூஜ்யம்! முழு வேகத்திலிருந்து நிற்பது வரை 10 விநாடி என்றால், முழு ஓட்டமும் நிற்பது முதல் 1.7 விநாடியில். அது 3.4க்குள் வந்துவிட்டது, நம் கணக்கில் அது திடீர் நிறுத்தம்தான். மீதி 8 விநாடி மோட்டார் சும்மா சுற்றுகிறது. ‘சாஃப்ட் ஸ்டாப் போட்டும் அடி நிற்கவில்லை’ என்று நான் பார்க்கப்போன இடங்களில் பாதிக்குமேல் இதுதான் காரணமாக இருந்திருக்கிறது. உயரம் அதிகம், உராய்வு குறைவு என்ற குழாய்களில் இது மோசமாக இருக்கும். சமதரையில் நெடுந்தூரம் தள்ளும் குழாயில் பெரும்பகுதி உராய்வு என்பதால் மெதுவாக இறக்கும் ரேம்ப் முழுவதும் பயன்படும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸிலிருந்து 41 ஹெர்ட்ஸ் வரையிலான இறக்கத்தை நீட்டுவது. ஓட்டம் நிற்க 15 விநாடி கொடுத்தால் அடி 36 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்குள் வந்துவிடும். மேட்டு முனையில் அழுத்தம் இரண்டு மூன்று மீட்டர்தான் இறங்கும், தண்ணீர் அறுகவே அறுகாது. அதிர்வெண்ணையே மாற்றி மோட்டார் வேகத்தைக் குறைக்கும் விஎஃப்டியில் இதை அமைப்பது சுலபம். டெசிலரேஷன் டைம் என்பது பெரும்பாலும் முழு அதிர்வெண்ணிலிருந்து பூஜ்யம் வரைக்குமான நேரம். ஒரே சரிவு என்றால் 90 விநாடி வைக்க வேண்டிவரும். இரண்டு சரிவு வைக்கும் வசதி இருந்தால் 50லிருந்து 40 வரை 18 விநாடி, 40லிருந்து பூஜ்யம் வரை 3, 4 விநாடி என்று வையுங்கள். 40க்குக் கீழே தண்ணீர் நகராது, அங்கே தங்கினால் பம்புக்குள் இருக்கும் தண்ணீர் சூடாவதுதான் மிச்சம். போர்வெல் சப்மெர்சிபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது சரிவு இன்னும் முக்கியம். அந்த மோட்டாரின் த்ரஸ்ட் பேரிங் தண்ணீர்ப் படலத்தில்தான் மிதக்கிறது, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒரு விநாடிக்கு மேல் இழுக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். இன்னொன்று, ஸ்டாப் மோட் ‘கோஸ்ட்’ என்று இருந்தால் நீங்கள் வைத்த டெசிலரேஷன் டைம் எதுவும் வேலை செய்யாது. ‘ரேம்ப்’ என்று மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் வேறு மாதிரி. அது அதிர்வெண்ணை மாற்றாது, வோல்டேஜை மட்டும் குறைக்கும். வோல்டேஜ் குறைந்தாலும் இண்டக்‌ஷன் மோட்டார் வேகத்தை அவ்வளவு எளிதில் விடாது. முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், ஆனால் மோட்டாரிடம் முழுச் சுமையைப் போல இரண்டரை மடங்கு வரை கையிருப்பு இருக்கும். அது தீர வோல்டேஜ் 65 சதவீதத்துக்கு அருகில் வர வேண்டும். அதுவரை வேகம் கொஞ்சமே குறையும். தீர்ந்ததும் மோட்டார் பிடிவிட்ட மாதிரி ஒரேயடியாக விழும். ஆக 10 விநாடி வோல்டேஜ் ரேம்ப்பில் பல விநாடி எதுவும் நடக்காமல், பிறகு சட்டென்று நிற்கும், அடியும் விழும். இதைச் சமாளிக்கத்தான் சில சாஃப்ட் ஸ்டார்ட்டர்களில் ‘டார்க் கண்ட்ரோல்’ அல்லது ‘பம்ப் ஸ்டாப்’ என்று தனி முறை இருக்கிறது. அது மோட்டாரின் முறுக்குவிசையைக் கணக்கிட்டுக்கொண்டே இறக்கும். வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் வோல்டேஜ் ரேம்ப் மட்டும் உள்ள மலிவான சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஸ்டார்ட் செய்ய நல்லது, நிறுத்துவதற்கு உங்கள் குழாயில் அதிகம் உதவாது. உங்கள் நிலையில் நான் விஎஃப்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எது போட்டாலும் வயரிங்கில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தொட்டி நிரம்பினால் நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சை மெயின் கான்டாக்டரின் காயிலில் கொடுத்துவிடுவார்கள். தொட்டி நிரம்பியதும் கான்டாக்டர் விழும், டிரைவுக்கே சப்ளை இருக்காது, அப்புறம் எங்கே ரேம்ப்? ஃப்ளோட் சுவிட்ச், டைமர், மொபைல் ஸ்டார்ட்டர் எல்லாம் டிரைவின் ‘ரன்’ கட்டளையைத்தான் எடுக்க வேண்டும், சப்ளையை எடுக்கக் கூடாது. ஓவர்லோடு, சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் போன்றவை மோட்டாரைக் காப்பாற்ற உடனே வெட்டத்தான் வேண்டும். அவை வெட்டும்போது அடி விழும், அந்த அடியைத் தாங்கும்படி குழாய்ப் பக்கம் தயாராக இருக்க வேண்டும்.

டிரைவ் வாங்கும் வரை காசில்லாத சாஃப்ட் ஸ்டாப் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. மோட்டாரை நிறுத்துவதற்கு முன்னால் டெலிவரி கேட் வால்வை மெதுவாக மூடுங்கள், முழுக்க மூடியதும் ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். குடிநீர் நீரேற்று நிலையங்களில் ஆபரேட்டர்கள் செய்வது இதுதான். கேட் வால்வில் முதல் பாதிச் சுற்றுகள் ஓட்டத்தை அதிகம் குறைக்காது. கடைசிக் கால்வாசியில்தான் எல்லாம் நடக்கும், அங்கே நிதானமாகச் சுற்றுங்கள். மொத்தம் ஒரு நிமிஷம் போதும். சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு ஒன்றிரண்டு நிமிஷம் மூடிய வால்வோடு ஓடுவதால் ஒன்றும் ஆகாது, மறந்துபோய் அப்படியே விட்டுவிட்டால்தான் கெடுதல்.

இனி என்ஆர்வி. மேலே கணக்கிட்ட 81 மீட்டர், என்ஆர்வி சரியான நேரத்தில் மூடினால் வருவது. என்ஆர்வி போட்டால் அடி போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. நேரத்தோடு மூடினால் அடி அதன் இயல்பான அளவோடு நிற்கும், நேரம் தவறினால் அதற்கு மேலும் ஏறும். ஓட்டம் நின்ற கணத்தில் வால்வுக்குள் இருக்கும் தட்டு உட்கார்ந்துவிட வேண்டும். தாமதித்தால் தண்ணீர் பின்னோக்கி ஓடத் தொடங்கி, அந்த ஓட்டமே தட்டை இழுத்து அறையும். அந்த நேரத்தில் பின்னோட்ட வேகம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஷுக்கோவ்ஸ்கி கணக்கை மறுபடி போட வேண்டும்.

தட்டுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைக் குழாய் தீர்மானிக்கிறது. உங்களுடையது நீளமானது. தள்ளும் விசை போன பிறகு 45 மீட்டர் உயரம் 600 மீட்டர் தண்ணீரை நிறுத்த வேண்டும், தோராயமாக ஒன்றரை விநாடி கிடைக்கும். கீலில் தட்டு ஆடும் நல்ல ஸ்விங் வால்வு கூட அதற்குள் மூடிவிடலாம். அடுக்குமாடிக் கட்டடத்தில் நேர் மேலே 45 மீட்டர் தூக்கும் 50 மீட்டர் ஜி.ஐ. பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதே உயரம், பன்னிரண்டில் ஒரு பங்கு தண்ணீர். அங்கே ஓட்டம் பத்தில் ஒரு விநாடி அளவிலேயே நின்று திரும்பிவிடும். தொண்ணூறு டிகிரி சுற்றி வர வேண்டிய ஸ்விங் தட்டு அதற்குள் பாதி தூரம்கூட வந்திருக்காது. ஒரு குடியிருப்பில் இரவு பத்து மணிக்கு மோட்டார் நின்றால் நான்காவது மாடிக் குழந்தை விழித்து அழும் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். ஸ்விங் வால்வை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த வால்வைப் போட்டதும் சத்தம் நின்றுவிட்டது, வேறு எதையும் தொடவில்லை.

ஸ்பிரிங் வால்வில் தட்டு நகர வேண்டிய தூரம் குறைவு, எடையும் குறைவு. ஓட்டம் குறையக் குறைய ஸ்பிரிங் அதை முன்கூட்டியே உட்காரத் தள்ளிக்கொண்டே வரும், பின்னோட்டத்துக்காகக் காத்திருக்காது. உங்களுக்கும் அதையே சொல்வேன். பின்னாளில் இன்னொரு மோட்டாரை இதே குழாயில் இணைத்தால், ஒன்று நிற்கும்போது மற்றது தள்ளும் தண்ணீர் நின்ற மோட்டார் பக்கம் உடனே திரும்பும், அப்போது ஸ்விங் வால்வு கட்டாயம் அறையும். வால்வை ‘பெரிதாக இருந்தால் நல்லது’ என்று அளவு கூட்டி வாங்காதீர்கள். ஓட்டம் போதாமல் தட்டு பாதி திறந்து படபடத்துக்கொண்டே இருக்கும், கீல் தேய்ந்துவிடும்.

ஃபுட் வால்வு போதாதா என்று கேட்டீர்கள். ஃபுட் வால்வின் வேலை உறிஞ்சும் பைப்பில் தண்ணீரைப் பிடித்து வைப்பது, அடுத்த முறை பிரைமிங் செய்யாமல் ஓட்டுவதற்காக. என்ஆர்வி இல்லாவிட்டால் மேலிருந்து திரும்பி வரும் அலை முழுவதும் பம்பின் உடலைத் தாண்டி ஃபுட் வால்வில் போய் மோதும். வழியில் இருக்கும் பம்ப் கேசிங், கேஸ்கட், சீல் எல்லாம் அந்த அடியை வாங்கும். அதோடு கிணற்றடியில் இருக்கும் ஃபுட் வால்வில் ஒரு இலையோ சிறு கல்லோ சிக்கினால் அது மூடாது. தண்ணீர் முழுக்கப் பின்னோக்கி ஓடிப் பம்பைத் தலைகீழாகச் சுற்றும். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கும் தோட்டத்தில் இது ஆபத்து. பம்ப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் திரும்ப வந்து ஸ்டார்ட்டர் எடுத்தால் ஷாஃப்ட் முறியலாம். ஆகவே பம்ப், அதை ஒட்டி என்ஆர்வி, அதற்கு அடுத்து கேட் வால்வு என்ற வரிசையில் போடுங்கள். கேட் வால்வு மேலே இருந்தால்தான் என்ஆர்வியைக் கழற்றிப் பார்க்க 600 மீட்டர் தண்ணீரையும் வடிக்காமல் தப்பலாம். ஆட்டோ ஸ்டார்ட்டரில் குறைந்தது இரண்டு நிமிஷம் ஆன் டிலே வையுங்கள்.

கரண்ட் போகும்போது மேட்டு முனையில் தண்ணீர் அறுவதை என்ஆர்வியும் தடுக்காது, விஎஃப்டியும் தடுக்காது. சப்ளை போனால் மோட்டாரின் சுழற்சி ஆற்றலையே எடுத்துக்கொண்டு சமாளிக்கும் வசதி சில டிரைவ்களில் உண்டு, ஆனால் அரை விநாடியில் விழுந்துவிடும் பம்பில் அதற்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். அங்கே செய்ய வேண்டியது, வெற்றிடம் உருவாகும் முன்பே அதில் எதையாவது நிரப்புவது. மலிவான வழி ஒரு அங்குலக் காற்று வால்வு. அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே போனதும் காற்றை உள்ளே விடும், அந்தக் காற்று மெத்தையாகிவிடும். ஆனால் காற்று வெளியேறுவது மெதுவாக இருக்க வேண்டும். உள்ளே விட்ட வேகத்திலேயே வெளியே விட்டால் கடைசித் துளிக் காற்றும் போன கணத்தில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் மோதிக்கொள்ளும், பழைய கதைதான். கடையில் கேட்கும்போது உள்ளே வேகமாக, வெளியே மெதுவாக என்று சொல்லியே கேளுங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது முனையில் ஒரு 200 லிட்டர் டிரம். குழாயை ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் டிரம்மை வைத்து, அதிலிருந்து குழாய்க்கு ஒரு என்ஆர்வி வழியாக இணைப்புக் கொடுக்க வேண்டும். ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் அதிகம் என்பதால் என்ஆர்வி மூடியிருக்கும். அழுத்தம் விழுந்த கணத்தில் திறந்து டிரம் தண்ணீர் உள்ளே பாயும். காற்றே நுழையாது. உங்கள் கணக்குக்கு ஒரு நிறுத்தத்துக்கு 15 லிட்டர் அளவுதான் தேவைப்படும். டிரம்மைத் திரும்ப நிரப்பக் குழாயிலிருந்து அரை அங்குல லைனும் ஒரு மிதவை வால்வும் போதும். பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒருவழி நீர்த்தொட்டி என்று வைப்பதன் சின்ன வடிவம் இது.

எங்கே கோளாறு என்பதைச் சத்தத்தின் நேரத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஒருவர் மோட்டார் பக்கமும் ஒருவர் மேட்டு முனையிலும் நின்றுகொண்டு, போன் பேசியபடியே நிறுத்திப் பாருங்கள். நின்ற உடனே மோட்டார் பக்கம் இரும்புச் சத்தம் கேட்டால் வால்வு தாமதமாக அறைகிறது. மூன்று நான்கு விநாடி கழித்துக் கனமான அடி வந்து, பிறகு சில விநாடி இடைவெளியில் மெலிந்துகொண்டே திரும்பத் திரும்ப வந்தால் அது குழாயின் அலை. மேட்டு முனையில் தனியாக வெடிப்பது போலக் கேட்டால் அங்கே தண்ணீர் அறுகிறது. நிறுத்தும்போது அமைதியாக இருந்து, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அடித்தால் கீழ் வால்வு கசிகிறது. கீழ் வால்வு கசிந்து மேலே இன்னொரு வால்வு பிடித்துக்கொண்டால் நடுவில் வெற்றிடம் விழும், ஸ்டார்ட் ஆனதும் தண்ணீர் அதைத் தாண்டி ஓடி மேல் வால்வில் மோதும். குழாய் நடுவில் ‘பாதுகாப்புக்கு’ இன்னொரு என்ஆர்வி போடச் சொன்னால் இதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேட் வால்வுக்கு மேலே கிளிசரின் நிரப்பிய பிரஷர் கேஜ் ஒன்று, உச்சத்தைக் காட்டி அங்கேயே நிற்கும் சிவப்பு முள் உள்ளதாக, போட்டுவிடுங்கள். நிறுத்தியபின் முள் 4.5 கிலோவில் வந்து நின்றால் என்ஆர்வி பிடிக்கிறது, மெதுவாக இறங்கினால் கசிகிறது. சிவப்பு முள் இப்போது 8ஐத் தொடும் என்று நினைக்கிறேன்.

செலவை ஒரேயடியாகச் செய்ய முடியாவிட்டால் முதலில் ஸ்பிரிங் என்ஆர்வியும் மேட்டு முனையில் காற்று வால்வோ டிரம்மோ. இவை இரண்டும் கரண்ட் போகிற நாளுக்கு, அதுவரை பட்டனால் நிறுத்தும்போது கேட் வால்வை மூடி நிறுத்துங்கள். மோட்டார் பக்கத்து முதல் 150 மீட்டரை 10 கிலோ பைப்பாக மாற்றுவது அடுத்தது. விஎஃப்டி அதற்கப்புறம். அது வந்தபின் சிவப்பு முள்ளைக் கீழே தள்ளிவிட்டு, ரேம்ப் போட்டு ஒரு முறையும் மெயின் சுவிட்சை இறக்கி ஒரு முறையும் நிறுத்திப் பாருங்கள். முதல் முறை முள் 5 கிலோவைச் சுற்றியே நின்றால் ரேம்ப் சரி. 6ஐத் தாண்டினால் 50லிருந்து 40 வரையிலான நேரத்தை இன்னும் ஐந்து விநாடி கூட்டுங்கள்.